நடந்தால் பிடிக்கும், நின்றால் விடும்: கெண்டைக்கால் வலியும் காலின் தமனிகளும்

நடக்கும்போது கெண்டைக்கால் சதையில் ஒரு பிடிப்பு வருகிறது. மெல்ல இறுகி, மேற்கொண்டு நடக்க முடியாதபடி ஆகிறது. நின்றதும் இரண்டு மூன்று நிமிடங்களில் இருந்த இடம் தெரியாமல் போகிறது. மறுபடி நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் அதே சதையில் திரும்பவும் பிடிக்கிறது. உட்கார்ந்திருக்கும்போதோ படுத்திருக்கும்போதோ இந்த வலி வருவதில்லை. இந்த ஒழுங்கோடு வரும் வலிக்கு மருத்துவத்தில் ‘இடைவிட்ட நொண்டல்’ என்று பெயர். காலுக்கு ரத்தம் கொண்டு செல்லும் தமனி எங்கோ குறுகியிருக்கிறது அல்லது அடைபட்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவாகப் பேசும் அறிகுறி வேறு இல்லை.

இந்தப் பெயர் முதலில் குதிரைக்கு வைக்கப்பட்டது. 1831-ல் பூலே என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் ஒரு குதிரையைப் பற்றி எழுதினார். ஓடத் தொடங்கியதும் அது பின்னங்கால்களை நொண்டும். சற்று நிறுத்தினால் சரியாகிவிடும். அதன் தொடைத் தமனிகள் அடைபட்டிருந்ததே காரணம் என்று அவர் கண்டார். 1858-ல் பாரிஸ் மருத்துவர் ஷார்கோ இதே நொண்டலை மனிதனிடம் பார்த்தார். துப்பாக்கிக் குண்டால் இடுப்புத் தமனி கெட்டுப்போன ஒரு முன்னாள் படைவீரர் அவரது நோயாளி. குதிரை மருத்துவம் சொன்னதை மனிதக் காலோடு ஷார்கோ பொருத்திப் பார்த்ததிலிருந்துதான் இந்த அறிகுறி மருத்துவ நூல்களுக்குள் வந்தது.

ஓய்வில் இல்லாத வலி நடையில் மட்டும் ஏன் வருகிறது? சும்மா இருக்கும் சதைக்குக் கொஞ்சம் ரத்தம் போதும். நடக்கும்போது கெண்டைக்கால் சதைக்கு அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் தேவைப்படும். ஆரோக்கியமான தமனி அதைத் தடையின்றிக் கொடுத்துவிடும். தமனியின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து அதன் விட்டம் பாதியாகக் குறைந்துவிட்டால், குழாயின் குறுக்குப் பரப்பு கால் பங்காகிவிடுகிறது. அப்போதும் ஓய்வில் ஒன்றும் தெரியாது. அடைப்புக்குக் கீழே உள்ள சிறு குழாய்கள் விரிந்து கொடுத்து, வருகிற ரத்தத்தைத் தாராளமாக வாங்கிக்கொள்கின்றன. நடக்கத் தொடங்கியதும் கணக்கு மாறுகிறது. ஓட்டம் கூடக் கூட, குறுகிய இடத்தில் இழக்கப்படும் அழுத்தமும் கூடுகிறது. சிறு குழாய்கள் ஏற்கெனவே விரிந்துவிட்டதால் இனி விரிய இடமில்லை. அடைப்புக்குக் கீழே அழுத்தம் சரிகிறது. சுருங்கும் சதை அந்த மெலிந்த ஓட்டத்தையும் நெரிக்கிறது. ஆக்சிஜன் போதாத சதையில் கழிவுகள் சேர்ந்து வலி நரம்புகளைத் தூண்டுகின்றன. நின்றதும் தேவை குறைகிறது, வருகிற ரத்தம் கழிவை அடித்துச் செல்கிறது, வலி விடுகிறது. உட்கார வேண்டும் என்பதில்லை, நின்றாலே போதும். நோயைப் பிரித்தறிய இந்தச் சின்ன விவரம் மிகவும் உதவும்.

முழு அடைப்பு இருந்தும் பல கால்கள் உயிரோடு இருப்பது எப்படி என்பதற்கு 1785-ல் லண்டனில் நடந்த ஓர் அறுவை சிகிச்சை விடை சொன்னது. முழங்கால் குழியில் தமனி வீங்கிப் பலூன்போல் ஆகியிருந்த ஒரு குதிரைவண்டிக்காரருக்கு, காலை வெட்டுவதற்குப் பதிலாக, ஜான் ஹண்டர் என்ற அறுவை நிபுணர் தொடைத் தமனியைத் தொடையின் உட்புறத்தில் கட்டிவிட்டார். பிரதான குழாய் மூடிய பிறகும் கால் அழுகவில்லை. தொடையின் ஆழத்தில் ஓடும் தமனியின் கிளைகள் முழங்காலைச் சுற்றிவந்து கீழ்க்காலுக்கு ரத்தம் கொடுத்தன. ஆறு அடைபட்டால் வாய்க்கால்கள் அகலமாவதுபோல் இந்தப் பக்கக் கிளைகள் நாளடைவில் தடிக்கின்றன. ஓய்வுக்கு அவை போதும், வேகநடைக்குப் போதாது. இடைவிட்ட நொண்டல் என்பது பெரும்பாலும் இந்த நடுநிலையின் வெளிப்பாடு. ஹண்டர் கட்டுப் போட்ட பகுதி, தசைகளுக்கு நடுவே ஒரு சுரங்கம்போல் இருப்பது, இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. கெண்டைக்கால் வலிக்குக் காரணமான அடைப்பு அதிகமாக விழுவதும் அந்த இடத்தில்தான்.

இதை ஒரு மாதிரி நோயாளியை வைத்துப் பார்க்கலாம். ஈரோட்டில் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதும் 58 வயதுக்காரர். முப்பது ஆண்டாக நாளுக்குப் பத்து சிகரெட். ரத்த அழுத்த மாத்திரையை நினைத்தபோது போடுவார், நினைக்காதபோது விடுவார். பேருந்திலிருந்து இறங்கிக் கடைக்குப் போகும் வழியில், சுமார் 200 மீட்டர் தாண்டியதும் வலது கெண்டைக்கால் “கல்லு வச்சுக் கட்டுன மாதிரி” ஆகிறது என்கிறார். பாலத்து ஏற்றத்தில் அதற்கு முன்னாலேயே வருகிறது. யாராவது பார்த்தால் கூச்சமாக இருக்கும் என்று ஒரு பாத்திரக் கடை முன்னால் நின்று விலை பார்ப்பதுபோல் நிற்பார். வலி விட்டதும் நடப்பார். ஜெர்மானியர் இதைக் கடைக்கண்ணாடி நோய் என்றே அழைக்கிறார்கள். இதற்கிடையில் அவருக்கு வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்தாயிற்று, நரம்புத் தளர்ச்சி என்று வைட்டமின் மாத்திரையும் ஆயிற்று. ஒன்றரை ஆண்டு அப்படியே போய்விட்டது. இந்த நோயின் உண்மையான கேடு பல வீடுகளில் இந்த ஒன்றரை ஆண்டில்தான் நடக்கிறது. “வயசாயிடுச்சு, காலு கடுக்கத்தான் செய்யும்” என்று வீட்டார் சொல்வதை நோயாளியும் நம்பிவிடுகிறார். வயது மட்டுமே இப்படி அளந்து வைத்த தூரத்தில் ஒரே சதையைப் பிடிக்காது.

இவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை 1962-லேயே ஜெஃப்ரி ரோஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் ஒரு வினாப்பட்டியலாக வகுத்துக் கொடுத்தார். நடந்தால் வலி வருகிறதா, சும்மா நிற்கும்போதோ உட்காரும்போதோ தொடங்குவது உண்டா, கெண்டைக்காலில் வருகிறதா, ஏற்றத்திலோ அவசர நடையிலோ வருகிறதா, நடந்துகொண்டே இருந்தால் தானாக மறைகிறதா, நின்றால் பத்து நிமிடத்துக்குள் விடுகிறதா. எல்லாவற்றுக்கும் ஏற்ற பதில் வந்தால் தமனி அடைப்பு இருக்க வாய்ப்பு மிக அதிகம். இதன் குறை மறுபக்கத்தில் இருக்கிறது. கால் தமனியில் அடைப்பு உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கும் குறைவானவர்களே இப்படிப் புத்தகத்தில் உள்ளபடி சொல்கிறார்கள். மற்றவர்களுக்குக் கால் சோர்வோ தெளிவற்ற வலியோ இருக்கும். அல்லது அவர்கள் வலி வரும் அளவுக்கு நடப்பதே இல்லை. ஆகவே பட்டியல் ‘ஆம்’ என்றால் நம்பலாம். ‘இல்லை’ என்றால் அதோடு விட்டுவிட முடியாது.

வலி எந்தச் சதையில் வருகிறது என்பது அடைப்பு எங்கே என்று சொல்லும். பொதுவான விதி, அடைப்பு வலிக்கு ஒரு படி மேலே இருக்கும். கெண்டைக்கால் மட்டும் என்றால் தொடைத் தமனி, அதுவும் பெரும்பாலும் ஹண்டரின் சுரங்கப் பகுதி. புட்டமும் தொடையும் சேர்ந்து வலித்தால் வயிற்றுப் பெருந்தமனியின் முடிவிலோ இடுப்புத் தமனியிலோ. ஆண்களுக்கு அதோடு ஆண்மைக் குறைவும் சேர்ந்தால் அது ஏறக்குறைய உறுதி. 1940-ல் பிரெஞ்சு அறுவை நிபுணர் லெரிஷ் இந்தச் சேர்க்கையை விவரித்தார். பாதத்தின் வளைவில் மட்டும் வலி என்றால் அடைப்பு கணைக்கால் தமனிகளில். அதுவும் நாற்பது வயதுக்குட்பட்டு, பீடியோ சிகரெட்டோ விடாமல் பிடிப்பவர் என்றால் பர்கர் நோயை நினைக்க வேண்டும். 1908-ல் லியோ பர்கர் விரிவாக எழுதிய இந்த நோயில் கொழுப்புப் படிவு காரணமல்ல. புகையிலையைத் தொடர்ந்து சிறு, நடுத்தரத் தமனிகள் அழன்று, உறைகட்டியால் மூடிக்கொள்கின்றன. புகையிலையை அடியோடு விடாதவரை வேறு எந்தச் சிகிச்சையும் இதில் நிலைக்காது.

ஈரோட்டுக்காரரைப் படுக்கவைத்து விரலால் தொட்டுப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். அரையில், தொடை மடிப்பில், இரண்டு பக்கமும் துடிப்பு நன்றாக இருக்கிறது. ஆகவே இடுப்புத் தமனி திறந்திருக்கிறது. வலது முழங்கால் குழியில் துடிப்பு கிடைக்கவில்லை. பாதத்தின் மேலேயும் உள்கணுக்காலுக்குப் பின்னேயும் இல்லை. இடது காலில் எல்லாம் இருக்கிறது. அரைக்கும் முழங்காலுக்கும் நடுவில், வலது தொடைத் தமனியில் அடைப்பு. முழங்கால் வலிக்காக வரும் முதியவரின் பாதத் துடிப்பையும் தொட்டுப் பார்க்கும் பழக்கம் மருத்துவமனைகளில் அருகிவருவது வருத்தத்துக்குரியது. செலவு ஒன்றுமில்லை, ஒரு நிமிடம்தான் ஆகும்.

இதே இடத்தில் வேறு காரணங்களாலும் வலி வரும். அவற்றுள் அதிகம் குழப்புவது முதுகெலும்புக் கால்வாய் குறுகி நரம்பு நெரிபடுவது. அதிலும் நடந்தால் கால் வலிக்கும், ஆனால் நின்றால் விடாது; குனிந்தாலோ உட்கார்ந்தாலோதான் விடும். மரத்துப்போதலும் ஊசி குத்துவதும் கூட இருக்கும். வலி வரும் தூரம் நாளுக்கு நாள் மாறும். முன்னால் சாய்ந்து சைக்கிள் மிதித்தால் இவருக்குத் தொந்தரவு குறைவு, தமனி அடைப்புள்ளவருக்கோ மிதிப்பதிலும் சதை பிடிக்கும். ஏற்றம் தமனி நோயாளிக்குக் கடினம், இறக்கம் முதுகெலும்பு நோயாளிக்குக் கடினம். படுக்கையில் நள்ளிரவில் கெண்டைக்கால் சுருட்டி இழுக்கும் குரக்குவலி வேறு. அது நடையோடு தொடர்பில்லாதது. முழங்கால் தேய்மானத்தில் உட்கார்ந்து எழும் முதல் அடியிலேயே மூட்டு வலிக்கும். சிரை அடைப்புக்குப் பின் வரும் வலியில் கால் வெடிப்பதுபோல் கனத்து, தூக்கி வைத்தால்தான் மெல்லக் குறையும். ஒரே ஆளுக்கு இரண்டு நோய் சேர்ந்திருப்பதும் உண்டு; அறுபதைக் கடந்தவரிடம் அதை மறக்கக் கூடாது.

சந்தேகத்தை எண்ணாக மாற்றுவது கணுக்கால்–கை அழுத்த விகிதம். நோயாளி ஐந்து முதல் பத்து நிமிடம் படுத்திருப்பார். ரத்த அழுத்தப் பட்டையைக் கணுக்காலுக்குச் சற்று மேலே சுற்றி, கைக்கு அடக்கமான டாப்ளர் கருவியைப் பாதத்துத் தமனிமேல் வைப்பார்கள். பட்டையை ஊதினால் ‘உஷ், உஷ்’ என்ற ரத்த ஓட்டச் சத்தம் நிற்கும். காற்றை மெல்ல இறக்கும்போது அது திரும்பக் கேட்கும் புள்ளியே அந்தத் தமனியின் அழுத்தம். ஒவ்வொரு காலிலும் இரண்டு தமனிகள், பிறகு இரண்டு கைகள். காலின் உயர்ந்த எண்ணைக் கைகளின் உயர்ந்த எண்ணால் வகுக்க வேண்டும். இவருக்குக் கைகளில் 138, 142. வலது கணுக்காலில் 84, 88. இடது கணுக்காலில் உயர்ந்தது 148. வலது விகிதம் 88-ஐ 142-ஆல் வகுத்தால் 0.62, இடது 1.04. 1.00 முதல் 1.40 வரை இயல்பு, 0.90-ம் அதற்குக் கீழும் அடைப்பு, இடைப்பட்டது எல்லைக்கோடு. ஆக வலது காலுக்கு நடுத்தர அளவில் ரத்தக் குறைவு.

சிலருக்கு வலியின் கதை துல்லியமாக இருக்கும், விகிதமோ 0.95 என்று வரும். ஓய்வில் எடுத்ததே காரணமாக இருக்கலாம். அவர்களை நடைப்பொறியில் நடக்கவிட்டோ, குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொல்லியோ வலி வந்ததும் உடனே மறுபடி அளக்க வேண்டும். ஆரோக்கியமான காலில் கணுக்கால் அழுத்தம் பெரிதாக விழாது. அடைப்புள்ள காலில் 30 புள்ளிக்கு மேல் சரிந்து, மீள நிமிடக்கணக்கில் ஆகும்.

இன்னொரு பொறி சர்க்கரை நோயாளிகளிடம் இருக்கிறது. நாள்பட்ட சர்க்கரையிலும் சிறுநீரகச் செயலிழப்பிலும் கணைக்கால் தமனியின் நடுச்சுவரில் சுண்ணாம்பு படிந்து குழாய் விறைத்துவிடுகிறது. பட்டையால் அதை நசுக்கவே முடிவதில்லை. எண் 1.40-ஐத் தாண்டும், அல்லது அடைப்பு இருந்தும் இயல்பு என்று பொய் சொல்லும். இந்த விறைப்பு கால்விரலின் சிறு தமனிகளைப் பெரும்பாலும் தொடுவதில்லை. எனவே பெருவிரலில் சிறு பட்டை சுற்றி அளப்பார்கள். விரல்–கை விகிதம் 0.70-க்குக் கீழே என்றால் அடைப்பு. சர்க்கரையால் நரம்பு மரத்துப்போனவருக்கு நடைவலியே தெரியாமல் போகலாம் என்பது இதைவிட மோசம். அவருடைய முதல் அறிகுறி ஆறாத ஒரு விரல்புண்ணாக இருக்கும். சென்னை நகர மக்களிடம் நடத்தி 2000-ல் வெளியான ஆய்வில் சர்க்கரை நோயாளிகளில் நூற்றுக்கு ஆறு பேர் அளவில் கால் தமனி நோய் காணப்பட்டது. அவர்களில் வலி சொல்லாதவர்களைத் தேடிப் பிடிக்க இந்த அளவீடு தவிர வேறு எளிய வழியில்லை.

இத்தனைக்கும் பிறகு, நடைவலி உள்ளவருக்கு முதலில் ஆபத்து காலுக்கு அல்ல. ஐந்து ஆண்டுகளில் பெரும்பாலோருடைய கால் அதே நிலையில்தான் இருக்கும். நூற்றில் சிலருக்கே காலை இழக்கும் கட்டம் வரும். அதே ஐந்து ஆண்டில் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் வருவது அதைவிடப் பல மடங்கு. தொடையில் குழாயை அடைத்த அதே படிவு இதயத்திலும் கழுத்திலும் இருப்பதுதான் காரணம். ஆகவே கெண்டைக்காலைக் கேட்டு வந்தவருக்கு இதயத்துக்கான மருந்துகள் தரப்படுகின்றன. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், உறைவைத் தடுக்க ஆஸ்பிரின் அல்லது குளோபிடோகிரல், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் ஒழுங்கான மருந்து. வலிக்கே மாத்திரை தராமல் இதையெல்லாம் தருகிறார்களே என்று நோயாளி பாதியில் நிறுத்திவிடுவது உண்டு. முதல் நாளே காரணத்தை விளக்கிவிட்டால் பலர் நிறுத்தமாட்டார்கள். சிகரெட்டும் பீடியும் முற்றாக நிற்க வேண்டும். எண்ணிக்கையைக் குறைப்பது போதாது.

நடைத் தூரத்தைக் கூட்டுவது நடையேதான். 1966-ல் டென்மார்க்கில் லார்சனும் லாஸனும் சிறிய ஓர் ஆய்வில் இதை முதலில் சோதித்துக் காட்டினார்கள். முறை எளிது, ஆனால் நோயாளியின் இயல்புக்கு எதிரானது. வலி தொடங்கியதும் நிற்கக் கூடாது. ஓரளவு கடுமையாகும்வரை நடந்து, பிறகு முழுதாக விடும்வரை நின்று, மறுபடி நடக்க வேண்டும். ஓய்வும் சேர்த்து முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம், வாரத்துக்கு மூன்று நாள், குறைந்தது பன்னிரண்டு வாரம். வலியே வராத அளவில் மெல்ல நடப்பவருக்குப் பலன் மிகக் குறைவு என்று 2021-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வும் காட்டியது. இந்த வலி சதையைக் கெடுப்பதில்லை என்று சொல்லி அனுப்பாவிட்டால், வலித்தால் நடக்கக் கூடாது என்று வீட்டார் உட்கார வைத்துவிடுவார்கள். நடைக்கு உதவ சிலோஸ்டசால் என்ற மாத்திரை உண்டு. தலைவலியும் படபடப்பும் வரலாம், இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு அது கூடவே கூடாது.

பலூன், ஸ்டென்ட், மாற்றுக் குழாய் அறுவை ஆகியவை அதற்கு அடுத்த படி. 1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் சார்ல்ஸ் டாட்டர் 82 வயது மூதாட்டி ஒருவரின் தொடைத் தமனிச் சுருக்கத்தை, காலை வெட்டாமல், குழாய் செலுத்தியே விரித்தார். இன்று இதயத்துக்குச் செய்யப்படும் பலூன் சிகிச்சைக்கும் அந்தக் காலே மூதாதை. அடைப்பு இடுப்புத் தமனியில் இருந்தால் ஸ்டென்ட் பல்லாண்டு நன்றாக நிற்கும். தொடையிலோ முழங்கால் மடங்கி நீள்வதால் குழாய் முறுக்கப்பட்டு மறுபடி குறுகுவது அதிகம். மூன்று மாத நடையும் மருந்தும் பயனளிக்காமல், பிழைப்புக்கே இடைஞ்சலாக இருப்பவருக்கு இதைச் செய்வது நியாயம். ஸ்கேனில் அடைப்பு தெரிந்துவிட்டது என்பதற்காக மட்டும் செய்வது நியாயமல்ல.

சில மாற்றங்கள் மட்டும் இந்தப் பொறுமையை முறித்துவிடும். படுத்தால் முன்பாதம் எரிந்து வலிக்கிறது, கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டால்தான் தூக்கம் வருகிறது என்றால் ஓய்வுக்கே ரத்தம் போதவில்லை. காலைத் தூக்கினால் வெளுத்து, தொங்கவிட்டால் கருஞ்சிவப்பாவதும், இரண்டு வாரமாக ஆறாத புண்ணும், விரல் கருப்பதும் அதையே சொல்லும். இவை நாட்கணக்கில் பார்க்க வேண்டியவை. கால் திடீரென்று சில்லிட்டு, வெளுத்து, மரத்து, விரல் அசையாமல் போனால் உறைகட்டி வந்து அடைத்திருக்கிறது. அது மணிக்கணக்கு, ஆறு மணி நேரத்துக்குள் ரத்தம் திரும்பாவிட்டால் சதை மீளாது.

ஈரோட்டுக்காரருக்கு இவை எதுவும் இல்லை. சிகரெட்டை விட்டு, மாத்திரைகளை ஒழுங்காகப் போட்டு, கடை முடிந்ததும் வலிவரை நடந்து நின்று நடந்து மூன்று மாதம் கழித்து வரும் இப்படிப்பட்டவர் 200 மீட்டருக்குப் பதிலாக 450 மீட்டர் நடப்பது வழக்கமாகப் பார்க்கக்கூடியதே. மறுபடி அளந்தால் கணுக்கால் விகிதம் 0.62-க்கு 0.63 என்றுதான் இருக்கும். அடைப்பு கரையவில்லை. கிடைக்கும் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனைக் கூடுதலாகப் பிரித்தெடுக்கச் சதை பழகியிருக்கிறது, நுண்குழாய்கள் பெருகியிருக்கின்றன, நடையும் சிக்கனமாகியிருக்கிறது. பாத்திரக் கடையைத் தாண்டி ஜவுளிக் கடைப் படிவரை இப்போது அவர் நிற்காமல் போய்விடுகிறார்.